சாயம் போன சேலையும் ஒரு பதிலும்: மூன்று வருஷ அனுபவம்

மதுரை தெற்கு மாசி வீதியில் சின்னதாகச் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். வெளியூருக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து கூரியரில் அனுப்புவதும் உண்டு. கோபமாக வரும் புகாருக்குப் பதில் எழுதும் முறையை மாற்றி மூன்று வருஷம் ஆகிறது.

முன்பெல்லாம் "சிரமத்திற்கு வருந்துகிறோம். உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லிச் சீட்டு வைத்திருந்தோமே. விரைவில் பார்க்கிறோம்" என்று எழுதுவேன். சீட்டு வைத்தது உண்மைதான். அடர் நிறங்களில் முதல் துவைப்பில் கொஞ்சம் சாயம் இறங்கத்தான் செய்யும். ஆனால் அதைப் படிப்பவருக்குத் 'தப்பு உன்னுடையது' என்றுதான் கேட்கும். "விரைவில்" என்பதையோ யாருமே நம்புவதில்லை.

போன தீபாவளி முடிந்ததும் கோவையிலிருந்து ஓர் அம்மா, இரவு பத்தரைக்கு: "சாயம் போற சேலையைத் தலையில கட்டிட்டீங்க. வெள்ளை ஜாக்கெட்டும் போச்சு." கூடவே இரண்டு படங்கள். "பார்த்துவிட்டேன் அம்மா, காலை பத்து மணிக்குள் எழுதுகிறேன்" என்று மட்டும் அனுப்பினேன். காலையில் எழுதியது இது:

"அம்மா, வணக்கம். அரக்குச் சேலையின் சாயம் இறங்கி, வெள்ளை ஜாக்கெட்டும் கறையானதைப் படத்தில் பார்த்தேன். பண்டிகைக்கு எடுத்த சேலை இப்படி ஆனால் கோபம் வரும்தான். நாளை கூரியர்காரர் வீட்டுக்கே வந்து சேலையை வாங்கிக்கொள்வார், செலவு எங்களுடையது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் சேலையைச் சோதித்துவிட்டு நானே கூப்பிடுகிறேன். தேய்த்துப் பார்க்கும் துணியில் சாயம் ஒட்டினால் அன்றே முழுப் பணமும் அனுப்பிவிடுவேன். நாளை எத்தனை மணிக்கு வரச் சொல்லட்டும்?"

"பன்னிரண்டு மணிக்கு மேல வரச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. நேரம் சொல்கிறார் என்றால் பதில் வேலை செய்துவிட்டது. "அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?" என்று திரும்பக் கேட்டால், நான் அடுத்த படியைச் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

சோதனை பெரிய வித்தை இல்லை. ஈரமான வெள்ளைத் துணியால் சேலையைப் பத்துத் தடவை தேய்த்தேன். துணி நன்றாகவே சிவந்தது. சாயம் போட்ட பிறகு அலசியது போதவில்லை. ஆறு மணிக்கு முன்னே பணத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"ஜாக்கெட்டுக்கு?" என்றார். அது என் பிழை. ஜாக்கெட் கெட்டதை ஒப்புக்கொண்டவன், அதற்கு என்ன செய்வேன் என்று எழுதவில்லை. அதற்கும் காசு அனுப்பினேன். இப்போது அனுப்புமுன் ஒவ்வொரு குறைக்கும் நேராக ஒரு வழி இருக்கிறதா என்று விரல்விட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிப் பதில் எழுதும் முறை சறுக்குவது நாள் குறிப்பதில்தான். இன்னொருவருக்குச் சனிக்கிழமை என்று எழுதிவிட்டேன், பார்சல் செவ்வாய்தான் வந்தது. முதலில் இருந்ததைவிட இரண்டு மடங்கு கோபம். அதிலிருந்து கிழமை குறிப்பதை விட்டுவிட்டு, "சேலை என் கைக்கு வந்த மறுநாள் ஆறு மணிக்குள்" என்றுதான் எழுதுகிறேன்.