பின்னங்களைப் படம் போட்டுச் சொல்லித்தருவது: சில வருட அனுபவம்

கூட்டலுக்கு எண்கோடு, பெருக்கலுக்குப் பரப்பு மாதிரி. சில வருடங்களாகப் பிள்ளைகளுக்குப் பின்னம் இப்படித்தான் சொல்லித்தருகிறேன். இரண்டுமே நன்றாகக் கைகொடுக்கின்றன. அவர்கள் தடுமாறும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது, படத்தில் ‘1’ எது என்று தெரிகிறதா என்பதைத்தான்.

2/3 + 1/4 எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டை வரைந்து நிழலிட்டால், நிழலிட்ட துண்டு மூன்று, மொத்தத் துண்டு ஏழு என்று எண்ணி 3/7 என்று எழுதிவிடுவார்கள், ஏனென்றால் அங்கே கண்ணெதிரே இரண்டு முழுமைகள் இருக்கின்றன. எண்கோட்டில் 1 ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும். கட்டத்தாளில் 0 முதல் 1 வரை 12 கட்டம் எடுத்தால் 2/3-க்கு 8 கட்டம் தாவ வேண்டும், அங்கிருந்து 1/4-க்கு இன்னும் 3 கட்டம், போய் நிற்பது 11/12-இல். அப்புறம் 3/7 தோராயமாக எங்கே வரும் என்று கேளுங்கள். அது பாதிக்கும் குறைவு, 2/3 மட்டுமே பாதியைத் தாண்டிவிட்டதே என்று அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நான்காகப் பிரிக்கச் சொன்னால் சிலர் இரு முனைகளையும் சேர்த்து நான்கு கோடு போடுவார்கள், இடைவெளி மூன்றுதான் கிடைக்கும். 2/4-ஐக் குறிக்கச் சொல்லுங்கள், நடுவில் விழவில்லை என்றால் பிள்ளை கோடுகளை எண்ணுகிறது என்று அர்த்தம். இடைவெளிகளை விரலால் தடவி எண்ண வைத்தால் சரியாகிவிடும்.

பெருக்கலில் 2/3 × 3/4. ஒரு சதுரத்தை நெடுக்காக நான்காகப் பிரித்து மூன்றை நிழலிட வேண்டும், பிறகு குறுக்காக மூன்றாகப் பிரித்து இரண்டு வரிசையை வேறு நிறத்தில் நிழலிட வேண்டும். இரண்டு நிறமும் படிந்த கட்டம் 6, மொத்தம் 12. அதிகம் வரும் தவறு, குறுக்குக் கோடுகளை நிழலிட்ட பகுதியோடு நிறுத்திவிட்டு 6/9 என்று எழுதுவது. கோடு சதுரத்தின் மறுவிளிம்பு வரை போக வேண்டும், நிழலில்லாத பகுதியும் அந்த 1-இல் சேர்ந்ததுதான்.

1-ஐத் தாண்டும் பின்னங்களில்தான் இது நன்றாகச் சோதிக்கப்படுகிறது. 3/2 × 4/3-க்கு நாலு சதுரங்களை இரண்டுக்கு இரண்டாக அடுக்கி வரைந்தால், நிழல்பட்ட 12 கட்டத்தைப் பார்த்து 12/24 என்கிறார்கள். அதனால் எதையும் பிரிக்கும் முன்பே ஒரு சதுரத்தின் ஓரத்தைத் தடித்த கோடாகப் போட வைக்கிறேன். அந்த ஒன்றுக்குள் 6 கட்டம், ஆகவே விடை 12/6, அதாவது 2.

5/7 + 3/8 போன்றவற்றுக்குக் கோடு வேண்டாம், 56 கட்டம் எண்ணுவதற்குள் கணக்கே மறந்துவிடும். அங்கே விடை 1-க்கு மேலா கீழா என்று மட்டும் கோட்டில் ஊகிக்கச் சொல்லிவிட்டு, மீ.சி.ம. கண்டுபிடித்துப் போடச் சொல்கிறேன்.