கல்யாண அழைப்பு வீடியோவுக்குக் கொடுத்த 4,500 ரூபாய் போச்சு: சேலத்துக்காரங்க தயவுசெய்து படிங்க

கோபத்தோடுதான் எழுதுகிறேன். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு நிமிட அழைப்பு வீடியோ கேட்டோம். இணையத்தில் விளம்பரம் போட்டு வேலை பிடிக்கும் ஓர் எடிட்டிங் கடை. முன்பணம் 3,000, வீடியோ கைக்கு வரும்போது 1,500, மொத்தம் 4,500 ரூபாய். வந்த வீடியோவில் இடம் தப்பு, நேரம் தப்பு, கூப்பிடுகிற ஆளே தப்பு. வீட்டில் யாரும் முழுசாகப் பார்ப்பதற்குள் பையன்கள் அறுபது பேருக்கு மேல் அனுப்பிவிட்டார்கள்.

நம்பினது எப்படி என்றால், அந்தக் கடைப் பையன் அச்சடித்த பத்திரிகையைக் கையில் வாங்கி, மூலையில் தடவியிருந்த மஞ்சளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டான். "பத்திரிகை இருக்குதுல்லங்கண்ணா, ஒரு எழுத்து மாறாது. ஸ்கிரிப்ட் நாங்களே எழுதிக்குவோம்" என்றான். பணம் அந்த இடத்திலேயே போனது. எழுதின ஸ்கிரிப்டைக் காட்டு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

முதல் தப்பு இடம். மண்டபம் சேலம் கோரிமேட்டில், ஏற்காடு மெயின் ரோட்டில் இருக்கிறது. பத்திரிகையிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. எழுதினவன் அந்த முகவரியில் 'ஏற்காடு' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டான். வீடியோ ஏற்காடு ஏரியை மேலிருந்து எடுத்த காட்சியோடு தொடங்குகிறது. பின்னால் ஒரு குரல், "மேகங்கள் தாலாட்டும் ஏற்காடு மலையின் மடியில்" என்கிறது. மண்டபத்தின் பெயர் கடைசி மூன்று நொடியில் பொடி எழுத்தில் வந்து மறைகிறது. பார்க்கிறவர் கல்யாணம் மலை மேல் என்றுதானே எடுத்துக்கொள்வார்? ஏற்காட்டிலேயே இருக்கும் எங்கள் அத்தைதான் முதலில் போன் செய்தார். "மேல எந்த மண்டபம்ப்பா? எனக்குத் தெரியாம எப்படி?" ஆத்தூரிலிருந்தும் வாழப்பாடியிலிருந்தும் வருகிறவர்கள் அத்தையைப் போலக் கேட்க மாட்டார்கள். வேன் பேசிக்கொண்டு நேராக இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிவிடுவார்கள். அங்கே போய் விசாரித்துத் திரும்பி இறங்குவதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும்.

சாலையின் பெயரில் இன்னோர் ஊர் இருந்தால் அதை அப்படியே வாசிக்கக் கூடாது. நிஜமாகவே இருக்கிற ஊரை முதலில் சொல்லி, பிறகு பகுதி, கடைசியில் சாலை என்று வர வேண்டும். குரலில் சொல்லும்போதே அதே எழுத்து திரையில் ஐந்து நொடியாவது நிற்க வேண்டும். மேப் லிங்க்கை வீடியோவுக்குள் ஒட்டிப் பயனில்லை, அதைத் தொட்டுத் திறக்க முடியாது. வீடியோவோடு அனுப்பும் மெசேஜில்தான் அது இருக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். முகூர்த்தம் ஆகஸ்ட் 28, ஆவணி 12, வியாழக்கிழமை காலை 7.30 முதல் 9.00 வரை. வீடியோவில் 6.00 முதல் 7.30 வரை என்று இருக்கிறது. வேறு யாருக்கோ செய்த பழைய வீடியோவில் தேதியை மட்டும் மாற்றி, மணியை அப்படியே விட்டிருக்கிறான். வியாழக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரை எமகண்டம்! பார்த்ததும் பாட்டி போனைக் கீழே வைத்துவிட்டார். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. வரவேற்பும் அதே கதைதான். எங்களுக்கு அது முதல் நாள் புதன்கிழமை மாலை. அவன் 'அன்று மாலை' என்று போட்டிருக்கிறான். அதை நம்பி வருகிறவர் வியாழன் சாயங்காலம் பூட்டின மண்டபத்துக்கு முன்னால் நிற்பார்.

வந்ததும் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றையும் காலண்டரில் ஒரே தாளில் வைத்துப் பாருங்கள். அதே தாளில் ராகுகாலமும் எமகண்டமும் இருக்கும். முகூர்த்த நேரம் அதில் போய் இடித்தால் எங்கேயோ எழுத்துப் பிழை என்று அப்போதே தெரிந்துவிடும். குரல் கொடுப்பவருக்கு அனுப்பும் தாளில் 7.30 என்று எண்ணில் எழுதாதீர்கள், "ஏழரை மணி" என்று எழுத்தில் கொடுங்கள்.

மூன்றாவதுதான் மனசுக்கு ரொம்பக் கஷ்டம். தாத்தா பெயர் போட்டு, பெற்றவர்கள் கூப்பிடுகிற கல்யாணம் இது. வீடியோவில் பெண்ணும் மாப்பிள்ளையும் பேசுகிறார்கள்: "எங்கள் காதல் பயணத்தின் அடுத்த அத்தியாயத்தில் இணையுங்கள்." பெரியவர்கள் பார்த்து முடித்த இடம் இது, பிள்ளைகள் பேசியதே நிச்சயத்துக்குப் பிறகுதான். பெரியப்பா வயதில் இருக்கிறவருக்கு இதை எப்படி அனுப்புவது? யார் கூப்பிடுகிறார் என்பதை முதலில் முடிவு செய்தால்தான் வரவேற்பு வரி சரியாக அமையும்.

நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொல்லுக்கு மேல் போகாது. எங்களுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான், நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதினோம்:

"வணக்கம். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு உங்களை அன்போடு அழைக்கிறோம். (தாத்தா, பாட்டி பெயர்) பேத்தி, எங்கள் மகள் (பெயர்), மாப்பிள்ளை (பெயர்). ஆகஸ்ட் இருபத்தெட்டு, ஆவணி பன்னிரண்டு, வியாழக்கிழமை. காலை ஏழரை மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். முதல் நாள் புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு வரவேற்பு. இடம், சேலம் கோரிமேடு, ஏற்காடு மெயின் ரோட்டில் (மண்டபத்தின் பெயர்). மலை அடிவாரத்துக்கு முன்பே மண்டபம் வந்துவிடும். முதல் நாளே குடும்பத்தோடு வந்து, கூட இருந்து நடத்திக் கொடுங்கள்."

கடைசி வரி அண்ணி சொன்னது. 4,500 ரூபாய் வாங்கினவனுக்கு அந்த ஒரு வரி வரவில்லை.

திருத்திக் கொடு என்று கேட்டதற்கு நடந்ததையும் சொல்கிறேன். திங்கள்கிழமை, "எடிட்டர் லீவுங்கண்ணா." செவ்வாய்க்கிழமை, "வாய்ஸ் மறுபடி எடுக்கணும், 1,200 தனியா ஆகும்." தப்பு உன்னுடையதுதானே என்றால், "நீங்கதான் ஓகே போட்டீங்களே" என்கிறான். நாங்கள் ஓகே போட்டது நாதஸ்வரப் பின்னணி இசைக்கு. ஸ்கிரிப்டை அவன் அனுப்பவே இல்லை, மெசேஜ் எல்லாம் அப்படியே இருக்கிறது. புதன்கிழமையிலிருந்து நீல டிக் மட்டும்தான் விழுகிறது, பதில் இல்லை. 4,500 ரூபாயில் ஒரு ரூபாய் திரும்பவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: குரல் பதிவுக்கு முன் ஸ்கிரிப்டை எழுத்தில் வாங்குங்கள், வீட்டில் மூத்தவர் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். இரண்டு முறை திருத்தம் இலவசம் என்று மெசேஜில் வாங்கின பிறகே முன்பணம் கொடுங்கள், அதுவும் பாதிக்கு மேல் வேண்டாம். வீடியோ வந்ததும் குடும்ப குரூப்பில் போடாதீர்கள், முதலில் பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

அறுபது பேரில் இன்னும் இருபத்திரண்டு பேருக்குப் போன் போட வேண்டியிருக்கிறது. ஆத்தூர் பெரியம்மா வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை.