பள்ளி மைதானப் படத்தைக் காட்டி முன்பணம் கேட்டால், முதலில் ரூலரை எடுத்து அந்தப் படத்தை அளங்கள்

காவிரிப் படுகையில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் நாங்கள். பள்ளியின் பெயரையும், எங்களை ஏமாற்றிய ஒப்பந்ததாரரின் பெயரையும் எழுதவில்லை. பெயரைவிட நடந்த விதம்தான் மற்றவர்களுக்குப் பயன்படும். இதே மாதிரியான படத்தோடு வேறு பள்ளிகளுக்கும் ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

பள்ளியின் பிரதான கட்டடத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு திடல் இருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் வெறும் மண் தரை. இரண்டு வேப்பமரம், ஒரு தூங்குமூஞ்சி மரம். அந்தத் திடலைச் சீராக்கி விளையாட்டுக் களங்கள் அமைத்துத் தரலாம் என்று 2 ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழு முடிவெடுத்தது. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் ஆயிரம், இரண்டாயிரம் என்று அனுப்பியதில் ரூ.4 லட்சத்துக்குச் சற்றே குறைவாகச் சேர்ந்தது. கணக்கு வைத்திருந்தவன் நான்.

வந்த ஒப்பந்ததாரர்களில் ஒருவர் மட்டும் கையில் ஒரு பெரிய வண்ணப் படத்தோடு வந்தார். கணினியில் வரைந்த படம். முன்னால் பளபளவென்று நீலமும் பச்சையுமாகத் தரை, அதில் வெள்ளைக் கோடுகள். கைப்பந்து, கூடைப்பந்து, கபடி என மூன்று களங்கள் தாராளமாக இடைவெளி விட்டுக் கிடந்தன. பின்னால் வரிசையாக நிழல் மரங்கள், அவற்றுக்கும் பின்னால் எங்கள் பள்ளிக் கட்டடம். கட்டடத்தைப் புகைப்படத்திலிருந்து எடுத்து ஒட்டியிருந்ததால் பள்ளிப் பெயர்ப் பலகைகூட அப்படியே தெரிந்தது. அந்தப் பலகையைப் பார்த்ததும் எங்களில் யாருக்கும் வேறு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. கொட்டேஷனில் ‘இணைப்புப் படத்தில் உள்ளபடி அமைத்துத் தரப்படும்’ என்று ஒரே வரி. நீள அகலம் எதுவும் எழுதப்படவில்லை. படத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘இது மாதிரிப் படம் மட்டுமே’ என்று இருந்ததைப் பிறகுதான் கவனித்தோம். முன்பணமாக ரூ.1.5 லட்சம் கொடுத்தோம்.

எங்கள் திடல் 38 மீட்டர் நீளம், 21 மீட்டர் அகலம். கூடைப்பந்துக் களம் 28க்கு 15 மீட்டர். சுற்றிலும் 2 மீட்டர் காலி இடம் விட வேண்டும் என்பதால் 32க்கு 19 ஆகிவிடும். அது ஒன்றே திடலை ஏறக்குறைய நிரப்பிவிடுகிறது. கைப்பந்துக் களம் 18க்கு 9 என்றாலும் நான்கு பக்கமும் 3 மீட்டர் வெளி வேண்டும். ஆக 24க்கு 15. இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமைய எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் எங்கள் திடலில் வழியே இல்லை. பிறகு கபடிக்கு எங்கே இடம்? ஐந்து நிமிடக் கணக்கு இது. நாங்கள் போடவில்லை.

வேலை நடந்தபோது எங்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை. கான்கிரீட் போட்டார்கள், வண்ணம் அடித்தார்கள், கோடு போட்டார்கள். படங்கள் அனுப்பினார்கள். தொலைபேசியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மீதிப் பணத்தையும் தவணை தவணையாகக் கொடுத்து முடித்தோம்.

ஆறு மாதம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. குறுவட்டப் போட்டிக்குப் போன எங்கள் கைப்பந்து அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. தோற்றது பெரிதில்லை. பையன்கள் அடித்த சர்வீஸ் வரிசையாக வலையில் போய் விழுந்திருக்கிறது. பள்ளியில் ஒழுங்காகப் போன சர்வீஸ் அங்கே ஏன் போகவில்லை என்று உடற்கல்வி ஆசிரியருக்குச் சந்தேகம். மறுநாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டார். கோட்டின் ஒரு முனையில் நான் டேப்பின் வளையத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் மறுமுனைக்கு நடந்து போய்க் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. “தம்பி, இங்கே வந்து நீங்களே படியுங்கள்” என்றார். 15.2 மீட்டர். அகலம் 7.6. பின் கோட்டிலிருந்து வலைக்கு 9 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 7.6தான் இருந்தது. ஆறு மாதமாகப் பிள்ளைகளின் கை அந்தத் தப்பான தூரத்துக்குப் பழகியிருக்கிறது.

எல்லாவற்றையும் அளந்தோம். படத்தில் மூன்று களம் காட்டிவிட்டதால் மூன்றையும் சுருக்கித் திணித்திருந்தார்கள். கூடைப்பந்துக்கு அரைக்களம், அதுவும் அகலம் குறைத்து. கபடிக் கோடுகளைக் கான்கிரீட்டின் மேலேயே போட்டிருந்தார்கள். இதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. கபடி மண்ணிலோ மெத்தை விரிப்பிலோ ஆடுகிற ஆட்டம். கான்கிரீட்டில் ஒரு பையன் பாய்ந்து விழுந்தால் முழங்கால் என்ன ஆகும்? உடற்கல்வி ஆசிரியர் முதல் நாளிலேயே அங்கே கபடி ஆடக் கூடாது என்று தடுத்திருந்தார். அதை எங்களிடம் சொல்லச் சங்கடப்பட்டு விட்டுவிட்டாராம்.

ஒப்பந்ததாரரிடம் போனோம். “படத்தில் நான் எங்கேயாவது அளவு போட்டிருக்கிறேனா? மூன்று களம் காட்டினேன், மூன்று களம் இருக்கிறது” என்றார். கொட்டேஷனைப் பார்த்தால் அவர் சொல்வதை மறுக்க ஒரு வரி இல்லை. பலமுறை அலைந்து, ரூ.40 ஆயிரம் திருப்பி வாங்கினோம். அவ்வளவுதான் முடிந்தது.

பள்ளியின் ஓவிய ஆசிரியர் அந்தப் படத்தை ஒருநாள் மேசையில் விரித்து வைத்து எங்களுக்குக் காட்டியதை அப்படியே சொல்கிறேன். ரூலரும் பென்சிலும் இருந்தால் யாரும் செய்யலாம்.

களத்தின் இரண்டு பக்கக் கோடுகள் தூரம் போகப் போக நெருங்கி வருவது போல வரையப்பட்டிருக்கும். அவற்றை ரூலர் வைத்து நீட்டினால் ஓர் இடத்தில் சந்திக்கும். அந்தப் புள்ளி வழியாகப் படத்தின் குறுக்கே நேராக ஒரு கோடு போட வேண்டும். அதுதான் கண்மட்டக் கோடு. படத்தைப் பார்ப்பவரின் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் கோடு. சமதளத்தில் நிற்கும் எந்தப் பொருளையும் இந்தக் கோடு ஒரே உயரத்தில்தான் வெட்டும். பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும் மாறாது.

எங்கள் படத்தில் அந்தக் கோடு பள்ளிக் கட்டடத்தின் கதவு நிலைகளின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போனது. எங்கள் பள்ளிக் கதவு 7 அடி, தரையிலிருந்து வராந்தா மேடை 2 அடி. ஆகக் கோட்டின் உயரம் 9 அடி. நாலரை அடி உயரப் பையன் ஒருவன் அந்தத் திடலில் எங்கே நின்றாலும், அவன் பாதத்திலிருந்து கோடு வரையுள்ள தூரத்தில் சரிபாதிக்கு அவன் தலை வர வேண்டும். ஓவிய ஆசிரியர் களத்தில் நின்ற ஒரு பையனை அளந்தார். பாதத்திலிருந்து கோடு வரை 30 மில்லிமீட்டர். பையன் 10 மில்லிமீட்டர். மூன்றில் ஒரு பங்கு. அதாவது நாலரை அடிப் பையனை 3 அடிக் குழந்தையாக வரைந்திருக்கிறார்கள். இன்னும் நான்கு பேரை அளந்தார், எல்லோரும் அப்படியே.

மனிதர்களை மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கினால், அவர்கள் நிற்கும் தரை ஒன்றரை மடங்கு பெரிதாகக் கண்ணுக்குத் தெரியும். களங்களையும் அதே கணக்கில் சுருக்கினால் மூன்று களமும் காற்றோட்டமாக உட்கார்ந்துவிடும். கட்டடம் மட்டும் உண்மை அளவில் இருந்தது. நம் கண் முகங்களையும் வண்ணங்களையும் பார்த்ததே தவிர, கதவுக்கும் பையனுக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்க்கவில்லை.

மரங்களிலும் இதே வேலைதான். படத்தில் மூன்று மரமும் கட்டட ஓரமாக வரிசையில், உருண்டையாகக் கத்தரித்த தலையோடு நின்றன. உண்மையில் எங்கள் தூங்குமூஞ்சி மரம் மதில் சுவரிலிருந்து 9 மீட்டர் உள்ளே, திடலின் அகலத்தில் நடுவை ஒட்டி நிற்கிறது. அதன் கிளைகள் திடலின் மேல் அகலமாக விரிந்திருக்கின்றன. கைப்பந்துக் களத்துக்கு மேலே குறைந்தது 7 மீட்டர் தடையில்லாத வெளி வேண்டும் என்பது விதி. எங்கள் களத்தின் ஒரு மூலையில் 5 மீட்டரிலேயே கிளை இருக்கிறது. உயரத் தூக்கிய பந்து இலையில் பட்டுத் திரும்புகிறது. வேலையின் நடுவில் ஒப்பந்ததாரர் மரத்தை வெட்டச் சொல்லியிருக்கிறார். தலைமை ஆசிரியர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். அந்தக் கோபமோ என்னவோ, அடிமரத்தைத் தொட்டபடி கான்கிரீட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரே ஆண்டில் வேர் தூக்கி, தரையில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. அந்த வெடிப்பில் கால் தடுக்கி ஒரு பெண் பிள்ளைக்கு முட்டி சிராய்ந்தது. சென்ற மாதம் மரத்தைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்குக் கான்கிரீட்டை உடைத்து எடுத்தோம்.

இப்போது ஓவிய ஆசிரியர் ஒரு சார்ட்டில் திடலை வரைந்திருக்கிறார். 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர். மரங்களின் அடிமரத்துக்கு ஒரு வட்டம், கிளை விரிவுக்கு ஒரு வட்டம். அட்டையில் 24க்கு 15 சென்டிமீட்டர் அளவில் கைப்பந்துக் களத்தை வெட்டி, அதை சார்ட்டின் மேல் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தோம். மேற்கு ஓரமாகத் தள்ளினால் கிளை வட்டத்துக்கு வெளியே ஒரு களம் சரியாக அமைகிறது. மீதி 14 மீட்டரில் கான்கிரீட்டைப் பெயர்த்து மண் நிரப்பினால், பெண்கள் ஆடும் 12க்கு 8 கபடிக் களம் மரத்தைத் தொடாமல் கிடைக்கிறது. கூடைப்பந்து இந்தத் திடலில் கிடையாது.

யாராவது உங்களிடம் இப்படிப் படம் கொண்டுவந்தால், மேலிருந்து பார்த்த அளவுப் படம் ஒன்றையும் கேளுங்கள். அதில் ஒவ்வொரு களத்தின் நீள அகலமும், ஒவ்வொரு மரத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரமும் மீட்டரில் இருக்க வேண்டும். அந்த எண்களையே கொட்டேஷனிலும் எழுதச் சொல்லுங்கள். கோடு போட்ட பிறகு, வண்ணம் காயும் முன்பே மூலைவிட்டத்தை அளங்கள். 18க்கு 9 களத்தில் அது 20.12 மீட்டர், இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக வர வேண்டும். கடைசித் தவணையை அந்த அளவு முடிந்த பிறகு கொடுங்கள்.

கோடை விடுமுறையில் எங்கள் திடலில் மறுபடி கோடு போடுகிறோம். இந்த முறை டேப்பின் ஒரு முனையைக் கைப்பந்து அணியின் தலைவன் பிடிக்கப்போகிறான்.