சாட்பாட் முன்னோட்டம்னு யாராவது கடைக்கு வந்தால், முதலில் இந்தக் கடிதத்தை அனுப்புங்கள்

கும்பகோணத்தில் எங்களுக்குக் குத்துவிளக்குக் கடை. நாச்சியார்கோயில் பட்டறைகளிலிருந்து சரக்கு எடுத்து விற்கிறோம். போன கார்த்திகையில் ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் நான் ஏமாந்ததை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், ஆனால் நடந்தது இதே மாதிரி இன்னும் பல கடைகளில் நடக்கும்.

கடை வாட்ஸ்அப்புக்கு ஒரு சாதாரண நாளில் 40 பேர் எழுதுவார்கள். பதில் சொல்லவே ஒரு ஆள் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட், சுருக்கமாகப் பாட், விற்க ஒரு தம்பி வந்தார். "அண்ணே, ஒரு மாசம் முன்னோட்டமாப் போட்டுப் பாருங்க, 15,000 ரூபாய்தான், 2,000 உரையாடல் இதுலேயே அடங்கும்" என்றார். மாதம் 26 நாள், நாளுக்கு 40 பேர் என்றால் 1,040 பேர்தானே, பாதிக்குக் கொஞ்சம் மேல்தானே ஆகும் என்று கணக்குப் போட்டு சரி என்றேன். உரையாடல் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மாத முடிவில் பில் வந்தது. 14,560 உரையாடல், 2,000 போக மீதி 12,560, ஒன்றுக்கு 1.50 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் 22,231 ரூபாய். கொடுத்த 15,000 தனி. பேசியவர்கள் நான் நினைத்த அதே 1,040 பேர்தான். அவர்கள் எண்ணியது ஆட்களை இல்லை, செய்தியை. வாடிக்கையாளர் "வணக்கம்" என்றால் ஒன்று, பாட் திருப்பி "வணக்கம்" என்றால் இன்னொன்று, மெனு அனுப்பினால் மூன்றாவது. ஆளுக்குச் சராசரி 14. பாட்டுக்குப் புரியாமல் போனாலும் அது ஒரு செய்திதான். ஒரு அம்மா மூணடி அன்ன விளக்கு என்ன விலை என்று தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிக் கேட்டிருக்கிறார். நம்ம ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுவார்கள். நாலு முறை கேட்டிருக்கிறார், நாலு முறையும் "மன்னிக்கவும், புரியவில்லை" என்று பதில் போயிருக்கிறது. அந்த எட்டுச் செய்திக்கும் சேர்த்துத்தான் பில் போட்டிருக்கிறார்கள். டெமோவில் அந்தத் தம்பி காட்டிய கேள்வி எல்லாம் சுத்தத் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருந்தது, அதனால் அன்றைக்கு எல்லாம் அழகாக நடந்தது.

ஏன் 1.50 என்று கேட்டதற்கு "மெட்டா கட்டணம் அண்ணே, எங்க கையில இல்ல" என்றார்கள். என் அக்கா மகன் விசாரித்ததில்தான் விஷயம் தெரிந்தது. வாடிக்கையாளர் முதலில் எழுதினால், அவர் கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் நாம் எழுதும் சாதாரணப் பதிலுக்கு, வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா காசு வாங்குவதில்லை. நாமாக முந்திக்கொண்டு அனுப்பும் விளம்பரம் போன்ற டெம்ப்ளேட் செய்திகளுக்குத்தான் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம். நாங்கள் ஒரு விளம்பரம்கூட அனுப்பவில்லை. வந்த கேள்விக்கு உடனுக்குடன் போன பதில்தான் எல்லாம். சரி, மெட்டாவின் கணக்கைக் காட்டுங்கள் என்றேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கை அவர்கள் தங்கள் பெயரில் திறந்து, எங்கள் கடை நம்பரை அதில் சேர்த்திருந்தார்கள். கணக்கு நம் பெயரில் இருந்தால் எத்தனை செய்தி போனது, மெட்டா எவ்வளவு பிடித்தது என்று நாமே திறந்து பார்க்கலாம். எனக்கு அந்த உரிமையே கிடையாது.

நம்பரையாவது எடுத்துக்கொள்ளலாம் என்றால், வேறு கணக்குக்கு மாற்ற அவர்கள் போட்ட இரண்டடுக்குச் சரிபார்ப்பை அவர்களே நிறுத்தவேண்டும். பில்லைக் கட்டினால் நிறுத்துகிறோம் என்றார்கள். பதினோரு வருஷமாக போர்டிலும் விளக்குப் பெட்டியிலும் அச்சடித்த நம்பர், தை முகூர்த்தத்துக்கான விசாரணை வரும் நேரம். முழுப் பணத்தையும் கட்டினேன். கட்டிய பிறகும் 23 நாள் இழுத்துத்தான் விட்டார்கள். மார்கழி முழுக்கப் போய்விட்டது.

விலையிலும் அடி விழுந்தது. எங்கள் சரக்கு எடைக்கு விற்பது, பித்தளை விலை ஏறினால் கிலோ விலையும் ஏறும். நான் ஐப்பசியில் கொடுத்த பட்டியலையே பாட் கார்த்திகையிலும் சொல்லிக்கொண்டிருந்தது. மாற்றச் சொன்னால் ஒவ்வொரு தடவைக்கும் 2,500 ரூபாயாம். மயிலாடுதுறையிலிருந்து ஒருவர் மகள் கல்யாணச் சீருக்கு விளக்கு எடுக்க வந்தார், கையில் பாட் சொன்ன விலை. ஒன்பதரை கிலோ, கிலோவுக்கு 90 ரூபாய் குறைவு. கடை நம்பரிலிருந்து போன விலை அது, அதனால் அந்த விலைக்கே கொடுத்தேன். 855 ரூபாய் என் கையை விட்டுப் போனது.

இப்போது வேறு இரண்டு நிறுவனங்களுக்கு அனுப்பிய கடிதத்தை அப்படியே கீழே போடுகிறேன். உங்கள் கடைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"ஐயா, வணக்கம். எங்களுக்கு நாளுக்குச் சுமார் 40 பேர் எழுதுகிறார்கள், ஆளுக்குச் சராசரி 14 செய்தி ஆகிறது. இந்த அளவுக்கு ஆறு வார முன்னோட்டம் நடத்த ஜி.எஸ்.டி.யோடு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரே தொகையாக எழுதுங்கள். நீங்கள் எண்ணப்போவது ஆளையா, செய்தியையா, அல்லது ஒரு ஆள் 24 மணி நேரத்துக்குள் பேசுவதெல்லாம் ஒன்று என்றா? பாட்டுக்குப் புரியாமல் போன செய்தியும் கணக்கில் வருமா? அளவு தாண்டினால் பாட் நின்று கேள்வி எங்கள் ஆளிடம் வரவேண்டும், தானாகக் கட்டணம் ஏறக்கூடாது. இதற்கு ஒப்புதல் உண்டா?

மெட்டா கட்டணம் தனி, உங்கள் கட்டணம் தனி என்று பிரித்துக் காட்டுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு எங்கள் பெயரில் இருக்கவேண்டும், உங்களுக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் தருகிறோம். முன்னோட்டம் முடிந்தால் எத்தனை நாளில் நம்பரை விடுவிப்பீர்கள், வாடிக்கையாளர் பேசியதெல்லாம் எந்த வடிவில் எங்களுக்கு வரும்?

வாடிக்கையாளர் பெயரும் நம்பரும் நீக்கிய 100 பழைய கேள்விகளை அனுப்புகிறோம். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழும் அதில் இருக்கிறது. அதில் எத்தனைக்குச் சரியான பதில் வருகிறது என்பதை எங்கள் முன்னால் ஓட்டிக் காட்டிய பிறகே பணம் தருவோம். விலை கேட்டால் பாட் தானாகச் சொல்லக்கூடாது, எங்கள் ஆளிடம் தள்ளவேண்டும். கிலோ விலையை நாங்களே மாற்றும் வசதி இந்தத் தொகையில் அடங்குமா, அடங்காதா?"

ஒருவர் போன் செய்து "நேர்ல பேசிக்கலாம் அண்ணே, இதெல்லாம் எழுத்துல எதுக்கு" என்றார். அவருக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இன்னொருவர் இரண்டு பக்கம் பதில் எழுதியிருக்கிறார். ஆளுக்கு 24 மணி நேரம் ஒரு கணக்கு, புரியாத செய்திக்குக் காசு இல்லை, ஆனால் விலை மாற்றும் வசதி முன்னோட்டத்தில் வராது என்று நேராகவே சொல்லியிருக்கிறார். நான் கொடுத்த 100 கேள்வியில் 71-க்குச் சரியாகப் பதில் வந்தது. தப்பிய 29-ல் பெரும்பாலானவை அந்த ஆங்கில எழுத்துத் தமிழ்தான். அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டிக் காட்டுகிறேன் என்றிருக்கிறார். மாசி பிறந்ததும் ஆரம்பிக்கிறோம். கடை நம்பரைக் கொடுக்கவில்லை, இதற்கென்று ஒரு புது சிம் வாங்கிவிட்டேன்.