இரண்டு கையிலும் பார்த்தீர்களா?

பொங்கலுக்கு மூன்று வாரம் ஊரில் இருக்கலாம் என்று மான்செஸ்டரிலிருந்து காரைக்குடி பக்கம் வந்திருந்தேன். அதில் ஒன்பது நாள் மருத்துவமனையில் போனது. எனக்கு ஒன்றுமில்லை, சித்தப்பாவுக்குத்தான்.

விடியற்காலை 5:40 இருக்கும். கொல்லைப்பக்கம் போன மனிதர் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "முதுகைக் கிழிச்சுக்கிட்டுப் போகுதுடா" என்றார். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் ஆரம்பித்து இடுப்பு வரை இறங்குகிறது என்று கையால் காட்டினார். மெல்லக் கூடிய வலி இல்லை, முதல் நொடியிலேயே முழு வலி. வாயுப்பிடிப்பு என்று சித்தி பெருங்காயத்தைக் கரைக்கப் போனார். நான் காரை எடுத்தேன். சித்தப்பாவுக்கு 61 வயது. பத்து வருடமாக பிரஷர் உண்டு. "உடம்பு நல்லாத்தான இருக்கு" என்று ஒரு மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் போனது பக்கத்து டவுனில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். ஒன்றைச் சொல்ல வேண்டும், வேகத்தில் குறையே இல்லை. மான்செஸ்டரில் ரிசப்ஷனில் பெயர் கொடுத்து முடிக்கிற நேரத்துக்குள் இங்கே இ.சி.ஜி. கையில் வந்துவிட்டது. பிரஷர் 214-க்கு 118, நாடித்துடிப்பு 98. இ.சி.ஜி.யில் மாரடைப்புக்கான தெளிவான மாற்றம் இல்லை, நாள்பட்ட பிரஷரால் இதயம் தடித்திருப்பது மட்டும் தெரிந்தது. "ஆரம்பத்துல இ.சி.ஜி. காட்டாது சார், அட்டாக்காத்தான் இருக்கும்" என்றார் டியூட்டி டாக்டர். ரத்தத்தை இளக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தட்டில் வந்துவிட்டன. அதே வேலைக்கான ஹெபாரின் ஊசிக்கு மருந்துக் கடைக்கு ஆள் போயாயிற்று. பிரஷரை இறக்க நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார்.

எனக்கு மருத்துவப் படிப்பு கிடையாது. ஆனால் இரண்டு வருடம் முன்பு, மகனின் கை முறிந்து மான்செஸ்டரில் அவசரப் பிரிவில் நாலு மணி நேரம் காத்திருந்தபோது எதிர்ச் சுவரில் 'திங்க் அயோர்ட்டா' என்றொரு போஸ்டர் இருந்தது. வேறு வேலை இல்லாமல் அதைப் பல முறை படித்திருக்கிறேன். திடீரென்று உச்சத்தில் தொடங்கும் நெஞ்சு வலியோ முதுகு வலியோ என்றால் பெருந்தமனியை நினைத்துப் பார் என்பதுதான் அதன் சாரம்.

"டாக்டர், ரெண்டு கையிலயும் பிரஷர் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவர் முகம் சுளித்தார். ஆனால் பக்கத்தில் நின்ற சிஸ்டர் ஒன்றும் பேசாமல் இடது கையில் பட்டையைச் சுற்றினார். 168. மறுபடி பார்த்தார், 166. டாக்டர் தானே இரண்டு மணிக்கட்டிலும் நாடியைப் பிடித்துப் பார்த்தார். இடது பக்கம் மெலிந்திருந்தது. உடனே தட்டை நகர்த்தி வைக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு விநாடியில் மனதை மாற்றிக்கொண்ட மனிதர் அவர்.

அந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதை மதுரை டாக்டர் பிறகு விளக்கினார். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்கு. உள் அடுக்கு கிழிந்தால் ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து அடுக்குகளைப் பிரித்துக்கொண்டு போகும். இயல்பான வழிக்குப் பக்கத்தில் ஒரு பொய் வழி உண்டாகிவிடும். அது ஒரு கைக்குப் போகும் கிளையை அமுக்கினால் அந்தக் கையில் பிரஷர் குறையும். இரண்டு கைக்கும் 20-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் வித்தியாசம் இல்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்லவும் முடியாது, பலருக்கு இரண்டு கையும் ஒன்றாகவே இருக்குமாம். உறுதி செய்ய மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோதான் வழி. மாரடைப்பு என்று நினைத்து ரத்தத்தை இளக்கும் மருந்துகளைக் கொடுத்திருந்தால், கிழிந்த சுவரிலிருந்து கசிவதை நிறுத்துவது கஷ்டமாகியிருக்கும்.

டவுன் ஸ்கேன் சென்டரில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிசல்ட் வந்தால்தான் சாய மருந்து போடுவோம், டெக்னீஷியன் 9 மணிக்கு என்றார்கள். காத்திருக்க வேண்டாம், மதுரைக்கே போங்கள் என்றார் டாக்டர். கிளம்பும் முன் வலிக்கு மார்ஃபின், அப்புறம் துடிப்பையும் பிரஷரையும் இறக்கும் லபெடலால் 20 மில்லிகிராம் நரம்பில் மெதுவாக. நிஃபெடிபினை ஏன் மறுத்தார் என்பதையும் சொன்னார்: பிரஷர் மட்டும் சட்டென்று விழுந்தால் இதயம் பதறி வேகமாக அடிக்கும், ஒவ்வொரு அடியும் கிழிசலைத் தள்ளும். முதலில் துடிப்பை அடக்க வேண்டும், பிறகுதான் மற்றது.

தனியார் ஆம்புலன்சில் ஆக்சிஜன் இருந்தது, மானிட்டர் இருந்தது, மருந்தைச் சீராக ஏற்றும் பம்ப் இல்லை. கூட வந்த சிஸ்டர்தான் ஊசியை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பிரஷர் பார்த்தார், வலது கையில் மட்டும். குறைவாகக் காட்டும் கையை நம்பினால் பிரஷர் இறங்கிவிட்டது என்று ஏமாந்துவிடுவோமாம். நாங்கள் வழியில் இருக்கும்போதே நர்சிங் ஹோம் டாக்டர் மதுரைக்குப் போன் செய்திருந்ததால் நேரே ஸ்கேன் அறைக்குத்தான் ஸ்ட்ரெச்சர் போனது. அங்கே கிரியாட்டினினுக்கு யாரும் காத்திருக்கவில்லை.

படத்தை எனக்கும் காட்டினார்கள். குழாயின் நடுவே நூல் மாதிரி ஒரு சவ்வு, இருபுறமும் ரத்தம். கிழிசல் இடது கைக் கிளை பிரியும் இடத்தில் தொடங்கிக் கீழே வயிறு வரை. பி வகை என்றார்கள். இதயத்தை ஒட்டி மேலேறும் பகுதியில் கிழிந்திருந்தால் ஏ வகை. அதில் அறுவை செய்யாமல் விட்டால் முதல் இரண்டு நாளில் மணிக்கு 1 முதல் 2 சதவீதம் பேர் வரை இறப்பார்கள் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு, உடனே நெஞ்சைத் திறந்தாக வேண்டும். எங்களுக்கு அன்று அது வேண்டியிருக்கவில்லை.

பணம் கட்டுமிடத்தில்தான் கூத்து. 50,000 அட்வான்ஸ் கேட்டார்கள், என் இங்கிலாந்து கார்டு மூன்று முறை தோற்றது. கடைசியில் தம்பி போனில் ஜிபே போட்டான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் உள்ளூர்க் கணக்கில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.சி.யூ.வில் நாலு நாள். துடிப்பு 60-க்குக் கீழ், மேல் பிரஷர் 100-க்கும் 120-க்கும் இடையில் என்று கட்டிலில் ஒரு தாளே ஒட்டியிருந்தார்கள். மணிக்கு ஒருமுறை சிறுநீரை அளந்தார்கள். வயிறு வலிக்கிறதா, கால் மரத்துப்போகிறதா என்று கேட்டார்கள். சித்தப்பா சலித்துக்கொண்டார். கிழிசல் குடலுக்கோ சிறுநீரகத்துக்கோ காலுக்கோ போகும் கிளையை அடைத்துவிட்டால் மருந்தோடு நிற்க முடியாது, தொடை வழியாக ஸ்டென்ட் வைக்க வேண்டும். அதனால்தான் அந்த நச்சரிப்பு. மலச்சிக்கலுக்குத் தினமும் சிரப் கொடுத்ததும் முக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ். மூன்று வகை பிரஷர் மாத்திரை, ஆயுளுக்கும். 1, 3, 6, 12 மாதங்களில் மறுபடி ஸ்கேன். அரிசி மூட்டையைத் தொடக் கூடாது.

கிளம்பும்போது டாக்டர் குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். சித்தி என்னைப் பார்த்தார். அப்பா 1998-இல், 54 வயதில், இரவில் முதுகு வலி என்று சொல்லிப் படுத்தவர். ஹார்ட் அட்டாக் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லி வந்தோம். டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டு, சித்தப்பாவின் பிள்ளைகளுக்கும் எனக்கும் எக்கோ பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். என்னுடையதை நாளைக் காலை 11 மணிக்குப் போட்டிருக்கிறார்கள்.