லிமரிக் கற்பித்தல்: அழுத்தக் குறியா, சந்த வாய்பாடா, கைத்தாளமா?

சேலத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லிமரிக் என்னும் ஆங்கில வேடிக்கைப் பாட்டு வடிவத்தில் எழுதக் கற்றுத்தர முனைகிறவர் முன்னே மூன்று வழிகள் உள்ளன. ஆங்கில நூல்கள் சொல்கிறபடி அழுத்தம் விழும் அசைகளுக்குக் குறியிடுவது ஒன்று, தமிழ் முறையில் ‘தனா தனனா’ என்று சந்த வாய்பாடு சொல்வது மற்றொன்று, கையைத் தட்டித் தாளம் எண்ணுவது மூன்றாவது.

லிமரிக்கின் இலக்கணம் சுருக்கமானது. மொத்தம் ஐந்து வரிகள். ஒன்று, இரண்டு, ஐந்தாம் வரிகளில் மும்மூன்று அழுத்தங்களும், மூன்று, நான்காம் வரிகளில் இவ்விரண்டு அழுத்தங்களும் விழும். நீள் வரிகள் மூன்றும் ஓர் இயைபிலும் குறுவரிகள் இரண்டும் வேறோர் இயைபிலும் முடியும்.

‘தேர் வாஸ் அன் ஓல்ட் மேன் ஆஃப் த ஹில்’ என்ற வரியில் எட்டு அசைகள் இருந்தாலும் வாஸ், மேன், ஹில் ஆகிய மூன்றில்தான் அழுத்தம் விழுகிறது. சொல்லில் ஓர் அசையை மட்டும் அழுத்திச் சொல்லும் பழக்கம் தமிழில் இல்லாததால், நம் பிள்ளைகள் எட்டையும் ஒரே எடையில் உச்சரிக்கிறார்கள். எனவே குறியிடச் சொன்னால் காதால் கேட்டு இடமாட்டார்கள். ஆசிரியர் பலகையில் போட்டதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். வாய்பாட்டு வழி இதைவிட மேலானது. ‘தனா தனனா தனனா’ என்று நான்கு முறை சொன்னாலே நடை நாவில் ஏறிவிடும். ஆனால் தமிழ்ச் சந்தம் குறில், நெடில் அளவைச் சார்ந்தது. ஆங்கில நடையோ அழுத்தத்தைச் சார்ந்தது. மேற்கண்ட வரியில் ‘ஓல்ட்’ நமக்கு நெடிலாக ஒலித்தாலும் அது நிற்பது மெலிந்த இடத்தில். அங்கே குறிலைத் தேடும் பிள்ளை குழம்பிப்போகிறது.

ஆகவே முதற்பாடத்திற்குக் கைத்தாளமே ஏற்றது என்பது என் முடிவு. ஒவ்வொரு நீள் வரிக்கும் மூன்று தட்டு, பிறகு ஓசையில்லாத ஒரு வீச்சு என நான்கு எண்ண வேண்டும். குறுவரிகள் இரண்டும் இடைவெளியின்றிச் சேர்ந்து நான்கு தட்டு பெறும். ஆதலால் பாட்டு முழுவதும் நான்கு எண்ணிக்கை கொண்ட நான்கு சுற்றுகளில் முடிந்துவிடும். வீச்சு விழும் இடத்தில் ஒரு சொல் தலைநீட்டினால் அந்த வரி நீண்டுவிட்டது என்று பிள்ளையின் கையே காட்டிக்கொடுக்கும்.

இயைபில் வேறொரு சிக்கல் உண்டு. வினைமுற்றில் வாக்கியத்தை முடிப்பது தமிழின் இயல்பாதலால் பெரும்பாலான பிள்ளைகளின் முதல் முயற்சி இப்படித்தான் அமையும்:

மாமா ஏற்காட்டுக்குப் போனார்,
வழியெல்லாம் தட்டுவடை செட் தின்றார்,
பஸ்ஸில் ஏறினார்,
வாந்தி எடுத்தார்,
கடைசியில் வீட்டுக்கே வந்தார்.

ஐந்து வரியும் ‘ஆர்’ என்றே முடிவதால் குறுவரிகளின் திருப்பம் காதில் விழவேயில்லை. விகுதியை வெட்டிவிட்டு மிஞ்சுவது ஒன்றுபோல் ஒலிக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். ‘போன’, ‘தின்ற’ என்பவை ஒன்றுபோல் ஒலிக்கவில்லை. அதே கதையைத் திருத்தினால் இவ்வாறு வரும்:

ஏற்காடு புறப்பட்டார் மாமா;
“இன்னுமொரு செட்வாங்க லாமா?”
  பத்தாம் வளைவு,
  பயங்கர விளைவு;
“பஸ்ஸையே நிறுத்தப்பா, ராமா!”

மாமா உறவுப் பெயர், லாமா வினையின் வால், ராமா விளி. இலக்கணத்தில் வெவ்வேறு இனமான சொற்கள் ஒலியில் ஒன்றுபடுவதால் இயைபு எதிர்பாராததாகிறது, சிரிப்பும் அங்கிருந்தே பிறக்கிறது. (இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பத்தாவதிலேயே மாமா சரிந்துவிட்டார் என்பது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லாத நகைச்சுவை.) ஏ–இ, ப–ப என்று வரி முதலில் மோனையும் அமைந்திருக்கிறது. லிமரிக் அதைக் கேட்பதில்லை. ஆனால் தமிழ்க் காது கேட்கும்.

லிமரிக்குக்குப் பதிலாக வேறு வடிவத்தில் தொடங்கலாமா என்றும் கேட்பார்கள். எட்மண்ட் கிளெரிஹியூ பென்ட்லி தம் பள்ளி நாட்களில் உருவாக்கிய கிளெரிஹியூ எளியது: நான்கு வரி, இரண்டிரண்டாக இயைபு, முதல் வரியின் முடிவில் ஓர் ஆளின் பெயர். வரிகள் வேண்டுமென்றே கோணலாக நீள்வதால், இயைபை மட்டும் பழக்க அது போதும், தாளம் பழக்க உதவாது. குறள் வெண்பா மறுகோடியில் நிற்கிறது. ஏழு சீர்தான் என்றாலும், தளை தட்டாமல் பார்ப்பதிலேயே வகுப்பு முடிந்து நகைச்சுவைக்கு நேரம் இராது.

அழுத்தக் குறியைக் கடைசியில் கொண்டுவரலாம். கைத்தாளம் தவறான சொல்லின் மேலும் தடையின்றி விழும் என்பதே அதன் குறை; ‘ஆஃப்’ மேல் தட்டிவிட்டுப் பிள்ளை நகர்ந்துவிடும். தமிழில் எழுதும்போது இது உறுத்தாது, ஆங்கில லிமரிக்கை உரக்கப் படிக்கும்போது உறுத்தும். அந்த வரியில் மட்டும் மூன்று குறிகளைப் போட்டு, தட்டு எங்கே விழ வேண்டுமென்று காட்டினால் போதும்.

ஐந்தாம் வரியில் திணறுகிறவர்களுக்கு ஒரு சலுகை தரலாம். 1846இல் எட்வர்ட் லியர் வெளியிட்ட அபத்தப் பாடல்கள் பலவற்றில் முதல் வரியின் கடைசிச் சொல்லே ஐந்தாம் வரியிலும் திரும்பி வருகிறது. மாமாவை மாமாவிலேயே முடிக்க முதலில் விட்டுவிட்டு, தாளம் கைவந்தபின் ‘ராமா’வைத் தேடச் சொல்லலாம்.