டீம் ஜெர்சிக்குக் கொடுத்த 9,900 ரூபாய் போச்சு, நீங்களாவது பார்த்துக்கொள்ளுங்கள்

இன்னும் கோபம் ஆறவில்லை. எழுத்து அங்கங்கே தாறுமாறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் எங்கள் ஊர். செவன்ஸ் கால்பந்துப் போட்டிக்கு ஜெர்சி அடிப்பதென்று முடிவாகி, வசூல் என் தலையில் விழுந்தது. ஆட்கள் 18, ஸ்பேர் 4, ஆக 22 செட். ஜெர்சியும் ஷார்ட்ஸும் சேர்த்து செட் 450 ரூபாய். ஸ்பேருக்கான காசையும் பகிர்ந்துகொண்டதில் தலைக்கு 550, மொத்தம் 9,900. கடலுக்குப் போய்வந்து 200, 200, 150 என்று மூன்று தவணையாகக் கொடுத்தவனும் இதில் உண்டு. ஸ்பேர் எதற்கு என்று இரண்டு பேர் முனகினார்கள். பிறகு ஒற்றைப் பீஸ் அடிக்கப் போனால் விலையும் ஏறும், அதே நீலமும் வராது, பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் போட்டு இப்போதே அடித்துவிடலாம் என்று வாதாடியவன் நான்தான்.

இணையத்தில் படம் போட்டு ஆர்டர் எடுக்கும் வெளியூர்க் கடை அது. முதலில் எனக்கும் சந்தேகம்தான். பெயர், நம்பர், சைஸ் பட்டியலை அனுப்பிய பத்தாவது நிமிடம் கடைக்காரர் கூப்பிட்டார்: "ப்ரோ, 12-ஆம் நம்பர் ரெண்டு பேருக்கு இருக்கே, பாத்தீங்களா?" நான் கவனிக்கவே இல்லை. இவ்வளவு கவனமாகப் பார்க்கிறவர் ஏமாற்ற மாட்டார் என்று அங்கேதான் விழுந்தேன். பாதி, அதாவது 4,950, அன்றே போட்டேன். பத்து நாள் கழித்து "ரெடி ப்ரோ" என்று ஒரு படம் வந்தது. மீதி 4,950-ஐயும் போட்டுவிட்டேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. துணியில் ஒரு மடிப்புகூட இல்லை, தையலும் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் வரைந்த டிசைனை அனுப்பியிருக்கிறார்!

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு பார்சல் வந்தது. பேசியது சப்ளிமேஷன் பிரிண்ட். வெள்ளைப் பாலியஸ்டர் துணியில் சூட்டோடு சாயத்தை ஏற்றுவது அது. தடவினால் கையில் எதுவும் தட்டாது, ஜெர்சியைப் புரட்டினால் உள்பக்கம் வெளுப்பாக இருக்கும். எங்களுக்கு வந்ததில் உள்ளும் புறமும் ஒரே நீலம். கடையில் தொங்கும் ரெடிமேட் ஜெர்சியை வாங்கி, மேலே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கிறார். நகத்தால் சுரண்டினால் நம்பரின் ஓரம் எழும்புகிறது. ஒரே ஒரு துவைப்பில் 7-இன் மேல்கோடு உரிந்து அது 1 மாதிரி ஆகிவிட்டது.

சைஸ் கதை இன்னும் மோசம். எக்ஸ்எல் என்று லேபிள் இருந்ததை விரித்துப் போட்டு அக்குளிலிருந்து அக்குள்வரை அளந்தேன். 19 அங்குலம், சுற்றளவு 38. எக்ஸ்எல் என்றால் 42 வரும் என்று நினைத்திருந்தோம். எங்கள் பேக் வரிசையில் நிற்கும் மூன்று பேருக்கும் கை நுழையவில்லை. ஸ்பேர் நான்கும் ஸ்மால். கோல்கீப்பருக்குக் கேட்ட மஞ்சளுக்குப் பதிலாக அதே நீலம். கோல்கீப்பர் வேறு நிறத்தில் நிற்க வேண்டும் என்பது ஆட்ட விதி. ரெஃப்ரி திருப்பி அனுப்ப, அவன் யாரிடமோ கடன் வாங்கிய பழைய டி-ஷர்ட்டில் ஆடினான்.

அன்று இரவே கூப்பிட்டேன். "லேபிள் மாறியிருக்கும், பேக்கிங் பையன்கிட்ட கேக்குறேன் ப்ரோ." மறுநாள், "மெஷின்ல துவைச்சிருப்பீங்க." துவைத்தது கையால், அதுவும் பச்சைத் தண்ணீரில். அடுத்த நாள், "சைஸ் நீங்க கொடுத்ததுதானே?" ஆமாம், அங்குலத்தைக் கேட்காமல் எஸ், எம், எல் என்று எழுதிக் கொடுத்தது என் மடத்தனம். ஆனால் கோல்கீப்பரின் நிறமும் நான் கொடுத்ததுதானே என்றேன். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் போட்டிருக்கிறேன். என் கையில் பில் கிடையாது, சாட்டும் பணம் அனுப்பிய ரசீதும்தான் இருக்கின்றன. 9,900 ரூபாய், அதில் என்னுடையது 550 மட்டும். மற்ற 17 பேருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசில்லை. சட்டென்று சொல்கிறேன்: முதலில் ஒரே ஒரு பீஸுக்குக் காசு கொடுத்து வரவழையுங்கள், துவைத்துப் பாருங்கள், புரட்டிப் பாருங்கள். சைஸை அங்குலத்தில் எழுதி வாங்குங்கள். மீதிப் பணத்துக்கு முன் 22 பீஸையும் தரையில் பரப்பி வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். பில் கேளுங்கள்.

இதை எழுதும்போதே குரூப்பில் ஒருவன் கேட்கிறான்: "அண்ணே, அந்த ஸ்பேர் நாலையும் என்ன செய்ய?" என் அக்கா மகனுக்குப் போட்டுப் பார்த்தேன். அவனுக்குச் சரியாக இருக்கிறது. ஏழாம் வகுப்பு படிக்கிறான்.